ஐ7 பெரிசா, ஐ5 பெரிசா?

மதுரையில் பி.காம். படிக்கும் தம்பிக்கு டேலி பழகவும் ப்ராஜெக்ட் தட்டவும் செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் ஒன்று வேண்டும். கடையில் இரண்டைக் காட்டினார்கள். ஒன்று டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010: ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விலை 11,000 ரூபாய். மற்றது எச்பி ப்ரோடெஸ்க் 400 ஜி5: ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விலை 15,500. “முதல் பெட்டியில எல்லாமே பெரிசா இருக்கு, விலையும் கம்மி. அதையே எடுத்துடவா அக்கா?” என்று சிங்கப்பூரில் கணினிப் பராமரிப்பு வேலை பார்க்கும் அக்காவுக்குத் தகவல் அனுப்பினான்.

அக்காவின் பதில் ஒரு கேள்வியோடு தொடங்கியது: “ஐ7-க்குப் பின்னாடி என்ன நம்பர் போட்டிருக்குடா?”

போய்ப் பார்த்தான். ஒன்றில் i7-3770, மற்றதில் i5-8500. அங்கேயே பாதி விடை வந்துவிட்டது. அந்த நான்கு இலக்க எண்ணில் முதல் இலக்கம்தான் தலைமுறை. 3770 என்பது மூன்றாம் தலைமுறை, 2012-இல் வந்தது, நான்கு கோர். 8500 எட்டாம் தலைமுறை, 2018-இல் வந்தது, ஆறு கோர். ஐ5, ஐ7 என்ற பட்டமெல்லாம் ஒரே தலைமுறைக்குள் எது உயர்ந்தது என்று பார்க்கத்தான் உதவும். ஆறு வருடம் தள்ளி வந்த ஐ5, பழைய ஐ7-ஐ வேகத்தில் தாண்டிவிடுகிறது.

வேகத்தைவிட முக்கியமான காரணம் ஒன்றையும் அக்கா எழுதியிருந்தாள். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் பொதுவாக நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கோ இன்டெல்லில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். “பழைய பெட்டியிலயும் 11 ஓடுதேன்னு கடைக்காரர் போட்டுக் காட்டுவார். சோதனையைத் தாண்டி ஏத்துற வழி இருக்கு, ஓடவும் செய்யும். ஆனா அதுக்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பு ஏத்துக்காது. நாளைக்கு ஒரு பெரிய அப்டேட் ஏற மாட்டேன்னு நின்னுட்டா நீதான் உட்கார்ந்து பார்க்கணும்.”

அப்படியானால் 16 ஜிபி, 1 டிபி? அக்காவின் கணக்கு எளிது: பின்னால் வாங்கிப் போட முடிகிறதைப் பார்த்து மயங்காதே, மாற்ற முடியாததைப் பார்த்து வாங்கு. எச்பி பெட்டியில் ரேம் ஸ்லாட் இரண்டு. இருக்கும் 8 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருந்தால், கையில் காசு வரும்போது இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக் செருகினால் 16 ஆகிவிடும். டெல்லிலோ மூன்றாம் தலைமுறைக்கு மேல் எந்தப் ப்ராசஸரும் அந்த மதர்போர்டில் உட்காராது. அதன் டிடிஆர்3 ரேமைக் கழற்றி எச்பியில் போடவும் முடியாது. ஹார்ட் டிஸ்க் சுழலும் வகை; ஆன் செய்து டேலி திறக்கும்வரை காத்திருக்க வைக்கும். எஸ்எஸ்டி போட்டால் அந்தக் குறை தீரும், ஆனால் விலை ஏறி இரண்டு பெட்டிக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கிவிடும்.

காசு கொடுக்கும் முன் கடையிலேயே பார்க்கச் சொன்னவை சில. Ctrl+Shift+Esc அழுத்தி Performance பக்கத்தில் CPU-வைத் தொட்டால் ப்ராசஸரின் முழுப் பெயர் தெரியும். Memory-யில் Slots used: 1 of 2 என்றிருந்தால் ஒரு ஸ்லாட் காலி. விண்டோஸ் பட்டனோடு R அழுத்தி இதைத் தட்ட வேண்டும்:

```
tpm.msc
```

Specification Version 2.0 என்று வர வேண்டும். எஸ்எஸ்டியின் நிலையை CrystalDiskInfo என்ற இலவச மென்பொருள் காட்டும்: Good என்றால் சரி, Caution என்றால் வேறு டிஸ்க் போட்டுத் தரச் சொல்ல வேண்டும். கடைசியாக, பெட்டியை ஆன் செய்தவுடன் F10 தட்டி பயாஸுக்குள் போக வேண்டும். கம்பெனிகள் கழித்துவிட்ட பெட்டிகளில் பழைய பாஸ்வேர்டு அப்படியே தங்கியிருப்பது உண்டு. பாஸ்வேர்டு கேட்டால், அதை எடுத்துத் தந்த பிறகுதான் பணம்.

“விண்டோஸே வேண்டாம், லினக்ஸ் போட்டு டைப் மட்டும் அடிக்கிறேன்னா டெல் போதும், அதுவும் விலை குறைச்சா. உனக்கு டேலி வேணும், படிப்பு முடியுறவரைக்கும் ஓடணும். அதனால எச்பியை எடு. மீதி 4,500-ஐ நான் அனுப்புறேன். பில்லுல ப்ராசஸர் நம்பரையும் சீரியல் நம்பரையும் எழுதி வாங்கு. வாரண்டி எத்தனை நாள்னும் அதுலயே போடச் சொல்லு.”