கையில் 12 டாலர், அனுப்ப வழியில்லை

எக்ஸ்சேஞ்சில் ஒருவருடைய கணக்கில் 12 USDT இருக்கிறது. ஒன்றின் மதிப்பு ஏறக்குறைய ஒரு டாலர். அதைத் தன் போனில் உள்ள வாலட்டுக்கு மாற்ற நினைத்து, முகவரியை ஒட்டி, எதீரியம் நெட்வொர்க்கான ERC20-ஐத் தேர்ந்தெடுக்கிறார். குறைந்தபட்சத் தொகை 20, கட்டணம் 4 என்று சொல்லி எக்ஸ்சேஞ்ச் மறுத்துவிடுகிறது. (இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்ச், சில சமயம் நாளுக்கு நாள்கூட இவை மாறும்.)

இந்த மறுப்புக்கும் பிளாக்செயினுக்கும் சம்பந்தமில்லை. பணம் எக்ஸ்சேஞ்சை விட்டு வெளியே கிளம்பவே இல்லை. வரம்பு அந்த நிறுவனம் வைத்தது. ஒருவருக்குப் பணம் அனுப்ப எக்ஸ்சேஞ்ச் தன் கையிலிருந்து நெட்வொர்க் கட்டணம் கட்டுகிறது. பத்து டாலர் அனுப்பினாலும் பத்தாயிரம் டாலர் அனுப்பினாலும் அந்தக் கட்டணம் ஒன்றுதான். வங்கி கமிஷன் மாதிரி தொகைக்கு இத்தனை சதவீதம் என்ற கணக்கு இங்கே கிடையாது. பிளாக்செயின் பார்ப்பது வேலையின் அளவைத்தான்: எத்தனை கணக்கீடு, எவ்வளவு இடம் என்று. அதனால்தான் சிறிய தொகைக்காரர்தான் எப்போதும் அடிபடுகிறார்.

நம் ஆள் நெட்வொர்க்கை மாற்றிப் பார்க்கிறார். டிரான் நெட்வொர்க்கான TRC20-இல் குறைந்தபட்சம் 5, கட்டணம் 1 என்று வைத்துக்கொள்வோம். இப்போது தொகை கிளம்பிவிடுகிறது. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. மலிவாக இருக்கிறதே என்று நெட்வொர்க்கை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. பெறும் வாலட்டும் அதே நெட்வொர்க்கை ஏற்க வேண்டும். பெறுவது இன்னொரு எக்ஸ்சேஞ்ச் என்றால், அங்கே டெபாசிட்டுக்கும் ஒரு குறைந்தபட்சம் இருக்கலாம். அதற்குக் கீழே போனால் தொகை கணக்கில் ஏறாமல் நின்றுவிடும்.

சரி, 11 USDT வாலட்டுக்கு வந்துவிட்டது. அதை நண்பருக்கு அனுப்பப் போகும்போதுதான் இரண்டாவது மறுப்பு வருகிறது, இது முதலாவதைவிடப் பலரையும் குழப்புவது. இருப்பு 11, அனுப்புவது 5, ஆனாலும் இருப்பு போதாது என்கிறது வாலட். காரணம், டிரானில் கட்டணத்தை USDT-ஆகக் கட்ட முடியாது. அந்த நெட்வொர்க்கின் சொந்த நாணயமான TRX வேண்டும். எதீரியத்தில் இதே வேலைக்கு ETH வேண்டும். எக்ஸ்சேஞ்சுக்குள் இருந்தவரை கட்டணத்தை அவர்கள் USDT-ஆகவே கழித்துக்கொண்டதால் இது கண்ணில் படவில்லை.

எவ்வளவு TRX? USDT அனுப்புவதற்கான வேலையை டிரான் 'எனர்ஜி' என்ற அலகில் அளக்கிறது. பெறுபவர் கையில் ஏற்கெனவே USDT இருந்தால் சுமார் 65,000 எனர்ஜி செலவாகும். அவரிடம் ஒன்றுமே இல்லையென்றால், புதிய பதிவு போட வேண்டியிருப்பதால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 2025 ஆகஸ்ட் இறுதியில் ஒரு எனர்ஜியின் விலை 100 சன்னாகக் குறைக்கப்பட்டது. பத்து லட்சம் சன் சேர்ந்தால் ஒரு TRX. அந்த விலையில் முதல் கணக்குக்கு 6.5 TRX, இரண்டாவதுக்கு 13 TRX வரை. 5 டாலர் அனுப்பினாலும் இதேதான்.

பாதி TRX-ஐ வைத்து முயன்று பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். பல வாலட்கள் முன்கூட்டியே தடுத்துவிடும். தடுக்காவிட்டால் பரிமாற்றம் பாதி வழியில் `OUT OF ENERGY` என்று நின்றுபோகும். USDT பத்திரமாக இருக்கும், ஆனால் செலவான TRX திரும்பாது. உருப்படியான வழி, எக்ஸ்சேஞ்சில் இருக்கும்போதே கொஞ்சம் TRX வாங்கி அதையும் வாலட்டுக்கு அனுப்பி வைப்பது. அதற்கும் தனிக் கட்டணம், தனிக் குறைந்தபட்சம் உண்டு என்பதால், 12 டாலருக்கு இத்தனை பாடு தேவையா என்பது நியாயமான கேள்வி. என்னைக் கேட்டால், இவ்வளவு சிறிய தொகையை எக்ஸ்சேஞ்சிலேயே விற்றுக் காசாக்குவது மேல். இந்தியாவில் விற்றால் 2022 ஜூலை முதல் 1 சதவீத டி.டி.எஸ். விதி இருக்கிறது, லாபத்துக்கு 30 சதவீத வரியும் உண்டு. அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டணக் குழப்பத்தையே தூண்டிலாக்கிய மோசடி ஒன்றும் உண்டு. யாரோ ஒரு அப்பாவி, "என் வாலட்டில் USDT இருக்கிறது, எப்படி எடுப்பது?" என்று கேட்டு, வாலட்டைத் திறக்கும் ரகசியச் சொற்களையும் பொதுவெளியில் எழுதிவிட்டதுபோல் இருக்கும். திறந்து பார்த்தால் USDT உண்மையாகவே இருக்கும். TRX மட்டும் இருக்காது. ஆசைப்பட்டவர் கட்டணத்துக்காகத் தன் TRX-ஐ அதில் போடுவார், போட்ட வேகத்தில் அது வேறெங்கோ போய்விடும். USDT மட்டும் அசையாது, ஏனென்றால் அந்தக் கணக்கில் கையெழுத்திடும் அதிகாரம் முன்பே வேறொரு முகவரிக்கு மாற்றப்பட்டிருக்கும். இதன் இன்னொரு வடிவம், தொகையை விடுவிக்க 'நெட்வொர்க் கட்டணத்தை' முதலில் தங்கள் முகவரிக்கு அனுப்பச் சொல்லும் போலி முதலீட்டுத் தளங்கள். உண்மையான எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தை உங்கள் இருப்பிலிருந்தே கழித்துக்கொள்ளும்.