சார்ட் தொடாத விலையில் அடித்த ஸ்டாப் லாஸ்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பர் ஒருநாள் விடியற்காலையிலேயே போன் செய்தார். "தங்கத்தை 2,400 டாலருக்கு வித்து வச்சிருந்தேன்டா. ஸ்டாப் லாஸ் 2,403. சார்ட்டைப் பாரு, ராத்திரி பூரா விலை 2,401.40-ஐத் தாண்டவே இல்ல. ஆனா ஸ்டாப் லாஸ் அடிச்சு, கணக்க முடிச்சுட்டாங்க. ஏமாத்திட்டாங்க!"

யாரும் ஏமாற்றவில்லை. அவர் பார்த்தது ஒரு விலை, அவர் கணக்கை முடித்தது இன்னொரு விலை.

நகைக்கடைக்குப் போனால் நாம் வாங்கும் தங்கத்துக்கு ஒரு விலை, பழைய தங்கத்தை அவர்களிடமே போட்டால் அதைவிடக் குறைந்த விலை. ஆன்லைனிலும் அப்படித்தான். XAUUSD என்று திரையில் தெரிவது ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 31.1 கிராம் தங்கத்தின் டாலர் விலை. அதன் பக்கத்தில் எப்போதும் இரண்டு எண்கள் இருக்கும். நாம் விற்றால் எதிராளி தரும் விலை பிட். நாம் வாங்கினால் அவர் கேட்கும் விலை ஆஸ்க். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் ஸ்ப்ரெட் என்கிறார்கள்.

நண்பர் விற்ற நேரத்தில் பிட் 2,400.00, ஆஸ்க் 2,400.30. பத்து அவுன்ஸ் விற்றிருந்தார். விற்ற கையோடு திரும்ப வாங்கியிருந்தால்கூட 3 டாலர் போயிருக்கும். கமிஷன் இல்லை என்று விளம்பரம் செய்கிறவர்களும் சம்பளம் எடுப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியிலிருந்துதான்.

விற்றவர் வெளியே வர வேண்டுமானால் வாங்கியாக வேண்டும். வாங்குவது ஆஸ்க் விலையில். ஆகவே அவருடைய ஸ்டாப் லாஸ் பார்த்துக்கொண்டிருப்பது ஆஸ்க்கை. ஆனால் பல மென்பொருள்களில் சார்ட் வரைவது பிட்டை மட்டும். அன்று விடியற்காலையில் பிட் 2,401.40-தான். வழக்கமான 30 சென்ட் இடைவெளி இருந்திருந்தால் ஆஸ்க் 2,401.70-இல் நின்றிருக்கும், அவரும் தப்பியிருப்பார். ஆனால் அப்போது இடைவெளி 1.80 டாலராக விரிந்திருந்தது. ஆஸ்க் 2,403.20 ஆனது. பத்து அவுன்ஸுக்கு 32 டாலர் நஷ்டம். வாங்கி வைத்திருப்பவருக்கு இது தலைகீழ்: அவருடைய ஸ்டாப் லாஸ் பிட்டைப் பார்க்கிறது, அதனால் சார்ட்டில் தெரிவதும் அடிப்பதும் ஒத்துப்போகும்.

இடைவெளி ஏன் அந்த நேரத்தில் விரிந்தது? இரண்டு விலையையும் சொல்லிக்கொண்டு நடுவில் நிற்கிற வங்கியோ தரகு நிறுவனமோ தங்கத்தின் ஏற்ற இறக்கத்தில் பணம் பார்க்க நிற்கவில்லை. உங்களிடம் வாங்கியதை அடுத்த நொடியே வேறொருவரிடம் தள்ளிவிட வேண்டும். லண்டனும் நியூயார்க்கும் சேர்ந்து திறந்திருக்கும் இந்திய மாலை நேரத்தில் அது சுலபம். ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், இடைவெளி சில சென்ட்களில் ஒடுங்கிவிடும். நியூயார்க்கில் மாலை 5 மணி ஆனதும் நிலைமை மாறுகிறது. அங்குள்ள காமெக்ஸ் தங்க வாயிதாச் சந்தை ஒரு மணி நேரம் மூடப்படுகிறது. நமக்கு அது விடிகாலை 2.30 முதல் 3.30 வரை. அமெரிக்கக் குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அதையொட்டிய நேரத்தில் வாங்கியதைத் தள்ளிவிட ஆள் குறைவு. கையில் தங்கிய சரக்கின் விலை சரிந்தால் நஷ்டம் அவர் தலையில். அந்தப் பயத்துக்கான விலையைத்தான் இடைவெளியில் ஏற்றுகிறார். பெரிய பொருளாதாரப் புள்ளிவிவரம் வெளியாகும் நொடியிலும் இதே பயம் வரும், சந்தை நிறைய ஆட்கள் இருந்தாலும்.

அந்தப் பயம் வீண் அல்ல. 2021 ஆகஸ்ட் 9, திங்கள் அதிகாலை. ஜப்பானிலும் சிங்கப்பூரிலும் விடுமுறை. ஆசியச் சந்தையில் ஆளே குறைவான அந்த நேரத்தில் பெரிய விற்பனை வந்து விழ, தங்கம் சில நிமிடங்களில் நான்கு சதவீதம் போலச் சரிந்து 1,700 டாலருக்குக் கீழே போனது. பிறகு பெருமளவு மீண்டது. ஆனால் அடியில் ஸ்டாப் லாஸ் அடித்து வெளியேறியவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இந்தியாவிலிருந்து வெளிநாட்டு ஆப்களில் XAUUSD வர்த்தகம் செய்ய அந்நியச் செலாவணிச் சட்டத்தில் அனுமதி இல்லை. அனுமதியற்ற தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி வைத்திருக்கிறது. இங்கே வழி எம்சிஎக்ஸ். அது நள்ளிரவுக்கு முன்பே மூடிவிடுவதால் விடிகாலைத் தொல்லை இல்லை. அங்கே இடைவெளி விரிவது ஆள் வராத தூரத்து மாத ஒப்பந்தங்களில். வாங்கும் முன் ஐந்து பிட், ஐந்து ஆஸ்க் காட்டும் மார்க்கெட் டெப்த்தைத் திறந்து பாருங்கள். மேல் வரிசை இரண்டு விலைக்கும் நடுவில் பெரிய ஓட்டை இருந்தால், மார்க்கெட் ஆர்டர் போடாமல் லிமிட் ஆர்டர் போடுங்கள்.

வெளிநாட்டில் மெட்டாட்ரேடர் 4 வைத்திருப்பவர்கள் F8 அழுத்தி, Show Ask line என்பதை டிக் செய்தால் இரண்டாவது கோடும் சார்ட்டில் வந்துவிடும். நண்பர் இப்போது அதை வைத்திருக்கிறார். விற்றுவிட்டுத் தூங்கப்போவதையும் நிறுத்திவிட்டார்.