திரையில் நீலம், தாளில் ஊதா

கணினித் திரையில் கண்ணைப் பறித்த நீலம், அச்சாகி வரும்போது ஊதா கலந்து மங்கிப்போவது அச்சகங்களில் அன்றாடம் நடப்பது. பழி பெரும்பாலும் மையின் மீதோ அச்சிட்டவர் மீதோ விழுகிறது. ஆனால் திரை நிறத்தை உண்டாக்கும் முறையும் தாள் நிறத்தைக் காட்டும் முறையும் நேரெதிரானவை. திரையில் தெரியும் சில நிறங்களை நான்கு மைகளைக் கொண்டு எவராலும் தாளில் கொண்டுவர முடியாது.

திரை தானே ஒளி வீசுகிறது. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் அதில் இருப்பவை சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றே நிறத் துணுக்குகள்தான் என்பது தெரியும். மஞ்சள் தெரியும் இடத்தில்கூட மஞ்சள் ஒளி கிடையாது. பக்கத்துப் பக்கத்தில் எரியும் சிவப்பையும் பச்சையையும் கண் சேர்த்து மஞ்சளாக எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றின் பிரகாசமும் 0 முதல் 255 வரை எண்ணால் குறிக்கப்படும். மூன்றும் 255 என்றால் வெள்ளை, மூன்றும் 0 என்றால் கறுப்பு. ஒளியோடு ஒளி சேரச்சேர வெளிச்சம் கூடும். இதுவே ஆர்ஜிபி முறை.

தாளுக்குச் சொந்த ஒளி இல்லை. அறையின் வெளிச்சம் மைப்படலத்தின் வழியே உள்ளே போய், தாளில் பட்டு, மறுபடியும் மை வழியே வெளியே வருகிறது. போகும்போதும் வரும்போதும் மை ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. சயான் மை சிவப்பு ஒளியை விழுங்கும், மெஜந்தா பச்சையை, மஞ்சள் நீலத்தை. மையின் மேல் மை ஏற ஏற இருள்தான் கூடும். மூன்றும் சேர்ந்தால் கறுப்பு வரவேண்டும், வருவதோ சேற்றுப் பழுப்பு. அதனால்தான் கறுப்பு நான்காவது மையாகச் சேர்ந்து சிஎம்ஒய்கே ஆனது.

நீலத்தை எடுத்துப் பார்க்கலாம். ஓர் அழைப்பிதழின் பின்னணிக்கு R 0, G 0, B 255 என்ற நீலம் வைக்கப்பட்டிருக்கிறது. திரையில் இது கலப்பே இல்லாத நீலம். அமெரிக்க ஆஃப்செட் அச்சுக்கான பழைய அமைப்பில் போட்டோஷாப் இதை ஏறத்தாழ C 88, M 77, Y 0, K 0 என மாற்றும். கணக்குப்படி சயான் சிவப்பையும் மெஜந்தா பச்சையையும் எடுத்துவிட, மிஞ்சுவது நீலமாக இருக்கவேண்டும். ஆனால் உண்மையான மை எதுவும் அவ்வளவு தூய்மையானதல்ல. மெஜந்தா பச்சையோடு நீல ஒளியிலும் கணிசமான பங்கைத் தின்றுவிடுகிறது. சயானோ சிவப்பை முழுதாகத் தடுப்பதில்லை. எஞ்சிய நீலம் சோர்ந்துபோய், தப்பி வந்த சிவப்போடு சேர்ந்து ஊதாவாகத் தெரிகிறது.

அனுபவமுள்ள வடிவமைப்பாளர்கள் இந்த இடத்தில் மென்பொருள் தரும் எண்ணை அப்படியே ஏற்பதில்லை. மெஜந்தாவைக் குறைத்து C 100, M 60 என்று வைப்பார்கள். சயானுக்கும் மெஜந்தாவுக்கும் குறைந்தது 30 இடைவெளி இருந்தால் ஊதா எட்டிப்பார்ப்பதில்லை. திரையின் மின்னல் இதில் வராது. ஆனாலும் பார்ப்பவர் நீலம் என்றே சொல்லும் நிறம் கிடைக்கும். பளிச்சென்ற பச்சைக்கும் இதே கதிதான். ஒளிரும் ஆரஞ்சும் தப்புவதில்லை. மஞ்சள் மட்டும் அதிகம் இழப்பதில்லை. இழப்பு ஒரே பக்கம் என்றும் எண்ணிவிடக் கூடாது: அச்சின் தூய சயானைச் சாதாரணத் திரைகளால் முழுதாகக் காட்ட முடியாது.

தாளுக்கும் இதில் பங்கு உண்டு. ஆர்ட் பேப்பரில் மை மேற்பரப்பிலேயே நிற்கும். மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சுவதால் நுண்புள்ளிகள் பரந்து, அதே கோப்பு இன்னும் மங்கலாக அச்சாகும்.

எந்த நிறம் அடிபடும் என்பதை முன்கூட்டியே பார்த்துவிடலாம். அச்சகம் சொல்லும் நிற அமைப்பைத் தேர்ந்துகொண்டு, போட்டோஷாப்பில் View > Gamut Warning கொடுத்தால், அச்சில் எட்டாத நிறங்கள் சாம்பல் பூசியதுபோல் தெரியும். சிஎம்ஒய்கேவுக்கு மாற்றிச் சேமித்த கோப்பைத் திரும்ப ஆர்ஜிபி ஆக்கினாலும் போன நிறம் வராது என்பதால், மூலக் கோப்பைத் தனியே பத்திரப்படுத்துவது கட்டாயம்.

குறிப்பிட்ட அந்த நீலம் இல்லாமல் முடியாது என்னும்போது, அந்த நிறத்திலேயே முன்கூட்டிக் கலந்த தனி மையைப் பயன்படுத்துவார்கள். பான்டோன் எண்களால் குறிக்கப்படுபவை இத்தகைய மைகளே. நான்கு நிறங்களோடு இதற்கென ஐந்தாவது தகடு வேண்டும், செலவும் கூடும். நிறுவனச் சின்னம் போல, ஒவ்வொரு பிரதியிலும் நிறம் மாறாமல் வரவேண்டிய வேலைகளுக்கு அந்தச் செலவு தகும்.