நான்கு கட்டங்களுக்குள் சேலஞ்சர்

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் புறப்பட்ட 73 வினாடிகளில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். பக்கவாட்டு ராக்கெட்டின் மூட்டுகளை அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போனதே காரணம். குளிர் ஆபத்து என்று பொறியாளர்கள் முந்தைய இரவே எச்சரித்திருந்தார்கள். ஆனால், வளையம் பழுதான பழைய பறப்புகளில் ஒன்று கடுங்குளிரிலும் இன்னொன்று நல்ல வெயிலிலும் நடந்திருந்தன. அதைப் பார்த்தவர்களுக்குக் குளிருக்கும் பழுதுக்கும் தொடர்பு தெரியவில்லை.

பழுதே இல்லாத பறப்புகளையும் அன்றிரவு சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். அதுவரை நடந்த 24 பறப்புகளில் ஒன்றின் ராக்கெட்டுகள் கடலில் மூழ்கிவிட்டன. மீதி 23-ஐ, மூட்டின் வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழ், மேல் என்று பிரித்தால் இந்த அட்டவணை கிடைக்கும்:

| | பழுது | பழுதில்லை | மொத்தம் |
|---|---|---|---|
| குளிர் | 4 | 0 | 4 |
| வெப்பம் | 3 | 16 | 19 |
| மொத்தம் | 7 | 16 | 23 |

இப்படி ஓர் அட்டவணையைக் கண்டதும் பலரும் போடுவது கை-வர்க்கச் சோதனை. ஒவ்வொரு கட்டத்திலும் சராசரியாக எவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கலாமோ, அதிலிருந்து உண்மை எண்ணிக்கை எவ்வளவு விலகுகிறது என்று அது அளக்கும். பிறகு அந்த விலகலை ஒரு வழவழப்பான வளைகோட்டோடு ஒப்பிடும். எண்ணிக்கை பெரிதாக இருந்தால்தான் அந்த வளைகோடு உண்மைக்குப் பொருந்தும். எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5-க்குக் குறைந்தால் எச்சரிக்கை தேவை என்பது வழக்கமான விதி. இங்கே குளிர்ப் பறப்புகளில் எதிர்பார்க்கும் பழுது 4 × 7 ÷ 23, அதாவது 1.2 மட்டுமே.

இந்த இடத்துக்கென்று உள்ளது ரொனால்டு ஃபிஷரின் துல்லியச் சோதனை. இதில் வளைகோடே கிடையாது, நேராக எண்ணிவிடுகிறோம். வரிசை, நிரல் மொத்தங்களை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். குளிருக்கும் பழுதுக்கும் தொடர்பே இல்லை என்றால், பழுதான ஏழும் 23 பறப்புகளில் எங்கே வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம். 23-இல் எந்த 4 குளிர்ப் பறப்புகள் என்று தேர்ந்தெடுக்க 8,855 வழிகள் உண்டு. அந்த நான்கும் பழுதான ஏழுக்குள்ளிருந்தே வருவதற்கு 35 வழிகள்தான். 35-ஐ 8,855-ஆல் வகுத்தால் 0.004, அதாவது 253-இல் ஒரு வாய்ப்பு. நான்குக்கு நான்கு என்பதைவிடத் தீவிரமான அட்டவணை இல்லாததால் கணக்கு இதோடு முடிகிறது. இருந்திருந்தால் அவற்றின் வாய்ப்புகளையும் கூட்டியிருக்க வேண்டும்.

திருத்தம் எதுவும் செய்யாத கை-வர்க்கச் சோதனை இதே அட்டவணைக்கு 0.0009 என்கிறது. சான்றை நான்கு மடங்குக்கு மேல் ஊதிக்காட்டுகிறது. இங்கே முடிவு மாறவில்லை. எல்லைக்கோட்டில் நிற்கும் ஆய்வில் மாறிவிடும்.

ஆர் மென்பொருளில் இதற்கு ஒரு வரி போதும்:

```
fisher.test(matrix(c(4, 3, 0, 16), 2))
```

துல்லியம் என்ற பெயரை நம்பி இரண்டு விஷயங்களை மறந்துவிடக் கூடாது. முதலாவது, சிறு அட்டவணையில் விடைகள் படிப்படியாகத் தாவும். குளிர்ப் பறப்புகளில் நான்குக்குப் பதில் மூன்று மட்டும் பழுதாகியிருந்தால் விடை 0.067. வழக்கமான 0.05 எல்லையை அது தாண்டிவிடுகிறது. இடையில் வேறு விடையே கிடையாது. ஆகவே உண்மையான தொடர்பையும் இச்சோதனை சில சமயம் தவறவிடும். 'சான்று போதவில்லை' என்ற விடையை 'தொடர்பு இல்லை' என்று படிக்கக் கூடாது.

இரண்டாவது, கோட்டை எங்கே போடுகிறோம் என்பது. 18 டிகிரியில் பிரித்தது தரவைப் பார்த்த பிறகு. 22 டிகிரியில் பிரித்தால் கீழே 14 பறப்புகளில் 6 பழுது, மேலே 9-இல் 1 பழுது. கீழ்ப்பக்கம் ஆறோ அதற்கு மேலோ விழும் வாய்ப்பு 0.12, அது வலுவான சான்று அல்ல. அதே பறப்புகள்தான், கோடு மட்டும் நகர்ந்திருக்கிறது. தரவைப் பார்த்துவிட்டுக் கோடு போட்டால் 253-இல் ஒன்று என்ற கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வெப்பநிலை போன்ற அளவை இரண்டாக வெட்டாமல் முழுசாகப் பயன்படுத்தும் முறைகள் இங்கே இன்னும் பொருத்தம்.

சோதனை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அட்டவணைக்குள் வராததை அதனால் எண்ண முடியாது. பழுதான ஏழை மட்டும் வைத்தால் இரண்டாவது நிரலே இல்லை, கணக்கிட எதுவும் இல்லை. சிறிய தரவு கையில் இருந்தால் முதலில் நான்கு கட்டங்களையும் நிரப்புங்கள். பிரிக்கும் கோட்டைத் தரவைப் பார்க்கும் முன்பே முடிவு செய்யுங்கள். அதன் பிறகு எண்ணுங்கள்.