கை யாருக்குக் காட்டுவது?

எங்கள் தெரு இன்னொரு தெருவை வெட்டும் இடத்தில் சிக்னல் இல்லை, போலீஸ் இல்லை, ரோட்டில் ஒரு வெள்ளைக் கோடுகூட இல்லை. ஒரு மூலையில் இஸ்திரி வண்டி, எதிர் மூலையில் உயரமான காம்பவுண்டு சுவர். போன வாரம் சாயங்காலம் அங்கே நாலு பக்கமும் நாலு வண்டி ஒரே சமயத்தில் வந்து நின்றோம். தெற்கிலிருந்து காரில் நான். எனக்கு வலப்பக்கம், கிழக்கிலிருந்து ஒரு தண்ணி லாரி. நேர் எதிரே ஒரு ஆட்டோ. இடப்பக்கம் ஸ்கூல் வேன். நாலு பேருமே நேராகப் போக வேண்டியவர்கள்.

யார் முதலில் போவது என்பதற்குச் சட்டம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகளிலேயே உண்டு. அவற்றுக்குப் பதிலாக 2017இல் வந்த புதிய ஒழுங்குமுறைகளிலும் அது மாறவில்லை. சந்திப்பை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். குறுக்கே போவது பிரதான சாலை என்று அறிவிக்கப்பட்டிருந்தால் அதில் வருபவருக்கு வழி விட வேண்டும். அப்படி இல்லாத இடத்தில், வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழி விட வேண்டும். பெரிய வண்டிக்கு முதலிடம் என்றோ, முதலில் ஹார்ன் அடித்தவருக்கு முதலிடம் என்றோ எங்கேயும் எழுதியிருக்கவில்லை. நம் தெரு அகலம், அதனால் அதுதான் மெயின் ரோடு என்று நாமாக முடிவு செய்துகொள்வதற்கும் இடமில்லை.

ஏன் வலப்பக்கம்? நாம் இடது ஓரம் போகிறவர்கள் என்பதில் இருக்கிறது காரணம். எனக்கு வலப்பக்கமிருந்து வரும் லாரியும் தன் இடது ஓரத்தில்தான் வரும். அதனால் அது என் மூக்குக்கு நேரே, குறுக்குத் தெருவின் பக்கத்துப் பாதியில் கடக்கும். இடப்பக்கமிருந்து வரும் வேன் தூரத்துப் பாதியில் கடக்கும். ஆகவே லாரிக்கு வழி விட நான் தெரு முனையிலேயே நின்றால் போதும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. விதி தலைகீழாக, இடப்பக்கத்தவருக்கு வழி விடு என்று இருந்திருந்தால், பாதி தூரம் காலிதானே என்று எல்லோரும் உள்ளே போய் நடுவில் நிற்போம். ரவுண்டானாவிலும் இதே கணக்குதான். உள்ளே சுற்றுபவர் எப்போதும் நம் வலப்பக்கமிருந்துதான் வருவார்; அவரை விட்டால்தான் உள்ளே இருப்பது காலியாகும்.

மூன்று வண்டி என்றால் இந்த விதி அழகாக வேலை செய்யும். அன்றைக்கு வேன் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவுக்கு வலப்பக்கம் மேற்கு. அங்கே யாரும் இல்லை. அவர் முதலில் போகலாம். லாரிக்கு வலப்பக்கம் இருந்தது ஆட்டோ. அது போனதும் லாரி. எனக்கு வலப்பக்கம் இருந்தது லாரி. அதற்குப் பிறகு நான். யாருக்கு வலப்பக்கம் காலியோ அவரிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான். எதிரெதிரே இருவர் மட்டும் வந்து இருவரும் நேராகப் போவதென்றால் சேர்ந்தே போய்விடலாம். ஒருவர் வலது பக்கம் திரும்புவதானால், எதிரே நேராக வருபவரை விட்டுவிட்டுத் திரும்புவது வழக்கம்.

வேனும் வந்துவிட்டால் கதை வேறு. நான் லாரிக்காக நிற்கிறேன், லாரி ஆட்டோவுக்காக நிற்கிறது, ஆட்டோ வேனுக்காக நிற்கிறது, வேன் எனக்காக நிற்கிறது. எல்லோருக்கும் வலப்பக்கம் ஒருவர் இருக்கிறார். விதியை ஒழுங்காகப் பின்பற்றினால் நாலு பேரும் ராத்திரி வரை அங்கேயே நிற்கலாம். ஜெர்மனியில் வலப்பக்கம் போகிறார்கள் என்றாலும் அங்கேயும் வலப்பக்கத்தவருக்குத்தான் முதலிடம், அதனால் அங்கேயும் இதே முடிச்சு விழும். அந்த நாட்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது: நிலைமை கேட்டால் உரிமை உள்ளவரும் விட்டுக்கொடுக்க வேண்டும், ஆனால் அவர் விட்டுக்கொடுத்தார் என்பது உனக்குத் தெளிவாகத் தெரிந்த பிறகுதான் நீ நகர வேண்டும்.

விட்டுக்கொடுப்பது சரி, யாருக்கு? அன்றைக்கு நான் தப்பு செய்தது இங்கேதான். பெருந்தன்மையாக லாரிக்காரரைப் பார்த்து, போங்கள் என்று கை காட்டினேன். அவர் நகரவில்லை. எனக்கு எரிச்சல். யோசித்துப் பார்த்தால், நான் அவருக்குப் புதிதாக எதையும் கொடுக்கவில்லை. என்னை முந்தும் உரிமை அவருக்கு ஏற்கெனவே இருந்தது. அவர் காத்திருந்தது ஆட்டோவுக்காக. என் கையில் இருந்த உரிமை ஒன்றே ஒன்றுதான்: இடப்பக்கத்து வேன் எனக்காக நிற்கிறது. அதைத்தான் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். வேனுக்குக் கை காட்டியிருந்தால் வேன் போயிருக்கும். ஆட்டோவின் வலப்பக்கம் காலியாகி ஆட்டோ போயிருக்கும். பிறகு லாரி, கடைசியில் நான். இடப்பக்கத்தவருக்கு ஒரு கை அசைப்பு, மொத்த முடிச்சும் தானாக அவிழும்.

ஆனால் இது நாலு பேரும் தெரு முனையிலேயே நின்றால்தான் நடக்கும். நம் ஊரில் நிற்பது என்றால் பாதி மூக்கை உள்ளே விட்டு நிற்பது என்று அர்த்தம். நாலு மூக்கும் நடுவில் வந்துவிட்டால் எந்த உரிமையும் உதவாது, யாராவது ரிவர்ஸ் எடுக்க வேண்டும். அதற்குள் பின்னால் பத்து டூவீலர் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொரு வம்பு, நேராகப் போவதைக் காட்ட இரண்டு பக்க இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடுவது. அந்த விளக்கு நடுவழியில் நின்றுபோன வண்டிக்கானது. இடப்பக்கமிருந்து பார்க்கும் வேன் டிரைவருக்கு என் காரின் இடது விளக்கு மட்டும்தான் தெரியும். நான் இடது பக்கம் திரும்பப் போகிறேன் என்று நினைப்பார். அப்படித் திரும்பினால் அவர் பாதையில் நான் குறுக்கிடவே மாட்டேன் என்பதால் நம்பிக்கையோடு எடுப்பார். நானோ நேராகப் போவேன். ஹெட்லைட்டை ஒருமுறை மின்னவிடுவதும் இப்படித்தான். இங்கிலாந்தில் பலர் அதை 'நீ போ' என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கே 'நான் வரேன், நில்லு' என்று அர்த்தம்.

வலப்பக்கம் இருந்தவர் என்பதற்காக எல்லாம் உங்கள் பக்கம் என்றும் நினைக்க வேண்டாம். மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் கார், டிரைவர் ஆபத்தைப் பார்த்து பிரேக் மிதித்து நிற்பதற்குள் ஏறக்குறைய 20 மீட்டர் ஓடியிருக்கும். 20 கிலோமீட்டரில் வந்தால் 8 மீட்டர் போதும். எங்கள் மூலையில் அந்தக் காம்பவுண்டு சுவரைத் தாண்டித் தெரிவதே அவ்வளவு தூரம்தான். விபத்து நடந்து இழப்பீட்டு வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போனால், வேகத்தைக் குறைக்காமல் வந்தவரின் தவற்றையும் சதவீதக் கணக்கில் பிரிப்பார்கள்; அந்த அளவு இழப்பீட்டிலும் கழியும்.

அன்றைக்கு முடிச்சை அவிழ்த்தவர் இஸ்திரிக்காரர்தான். பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு வந்தார், என் பானெட்டில் உள்ளங்கையை வைத்து, "சார், நீங்க அப்படியே நில்லுங்க" என்றார். பிறகு வேனைப் பார்த்து, "நீ எடுப்பா."

வேன் போனது. ஆட்டோ போனது. லாரி போகும்போது சிந்திய தண்ணீர் என் கண்ணாடியில் வழிய, வைப்பரைப் போட்டுக்கொண்டு கடைசியாக நான் கிளம்பினேன்.