எட்டு மணி நேர மின்தடையும் தாமல் வீட்டு ஆக்சிஜன் கணக்கும்

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தினால், காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் சில ஊர்களில் மாலை 5 மணிக்குத்தான் திரும்பும். காஞ்சிபுரம் மாவட்டம் தாமலில், மூச்சுத்திணறல் நோயாளி உள்ள ஒரு வீட்டை இந்தக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அங்கே கம்ப்ரசர் நெபுலைசர் ஒன்று, ஐந்து லிட்டர் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் ஒன்று, 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியோடு இன்வெர்ட்டர் ஒன்று இருக்கின்றன. டாக்டர் சொன்ன அளவு நிமிடத்துக்கு 2 லிட்டர்.

நெபுலைசர் விஷயத்தில் கவலையே வேண்டாம். 120 வாட் கருவி பத்து நிமிடம் ஓடினால் 20 வாட்-மணி, இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 25. நாளைக்கு நான்கு முறை வைத்தாலும் 100தான். அதே எட்டு மணி நேரத்தில் ஒரு சீலிங் ஃபேன் தின்பது 600. பேட்டரி கொஞ்சம் பழசானாலும் நெபுலைசருக்குத் தாங்கும். தாங்காமல் போனால் முதலில் ஃபேனையும் டி.வி.யையும் பார்க்க வேண்டும்.

கான்சென்ட்ரேட்டர் அப்படி இல்லை. அது 350 வாட் இழுக்கிறது என்றால், இழப்போடு பேட்டரியிலிருந்து போவது சுமார் 437 வாட். 12 வோல்ட்டில் 36 ஆம்பியர். 150 ஏ.எச். என்று லேபிளில் போட்டிருப்பது 20 மணி நேரம் மெதுவாக, 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் அளவு. 36 ஆம்பியர் வேகத்தில் உறிஞ்சினால் 100 ஏ.எச். கிடைப்பதே நல்ல பேட்டரிக்கு அடையாளம். நூறை 36 ஆல் வகுத்தால் இரண்டே முக்கால் மணி நேரம். ஒன்பதுக்குப் போன கரண்டுக்கு இந்த பேட்டரி பன்னிரண்டு மணி வரைகூட நிற்காது. கூடவே ஒரு ஃபேன் ஓடினால் இரண்டு மணி பத்து நிமிடம்தான். ஓட்டத்தை 2 லிட்டரிலிருந்து 1 லிட்டராகக் குறைத்தால் பேட்டரி மிச்சமாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை எந்த அளவில் வைத்தாலும் ஏறக்குறைய அதே வாட்டைத்தான் இழுக்கும். நோயாளிக்கு ஆக்சிஜன் குறைவதுதான் மிச்சம்.

மீதி ஐந்தே கால் மணி நேரத்துக்கு சிலிண்டர் வேண்டும். 315 நிமிடம், நிமிடத்துக்கு 2 லிட்டர், ஆக 630 லிட்டர். பத்து லிட்டர் கொள்ளளவுள்ள பி-டைப் சிலிண்டரில் கேஜ் காட்டும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் உள்ளே இருக்கும் லிட்டர் வந்துவிடும். நிரம்பியிருக்கும்போது முள் 150ல் நிற்கும், அதாவது 1500 லிட்டர். நமக்குத் தேவை 63. கையிருப்பாகக் கொஞ்சம் சேர்த்து, முள் 80க்குக் கீழே இறங்கியதும் காஞ்சிபுரத்துக்கு நிரப்ப அனுப்பிவிடலாம். இன்னொரு டியூபுலர் பேட்டரி ஏறக்குறைய 15,000 ரூபாய். அதையும் சேர்த்தாலும் ஆறரை மணி நேரத்தைத் தாண்டாது. மெழுகுவர்த்தி, மண்ணெண்ணெய் விளக்கு, பீடி எதுவும் ஆக்சிஜன் ஓடும் அறைக்குள் வரக் கூடாது. கரண்ட் போன வீட்டில் கை முதலில் தேடுவது தீப்பெட்டியைத்தான்.

இரண்டே முக்கால் மணி என்பது காகிதக் கணக்கு. உங்கள் பேட்டரி எவ்வளவு என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். மல்டிமீட்டரில் 12.7 வோல்ட் காட்டும் பேட்டரிகூட, பாரம் ஏறியதும் பத்து நிமிடத்தில் 11க்குக் கீழே சரியலாம். மறுநாள் மின்தடை அறிவிப்பு இல்லாத ஒரு நாள் காலையில் நோயாளியை சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, கான்சென்ட்ரேட்டரைத் தனியாக ஓட விடுங்கள். இன்வெர்ட்டருக்கு வரும் மெயின் சுவிட்சை அணைத்து மணி பாருங்கள். 'லோ பேட்டரி' பீப் கேட்டதும் நேரத்தைக் குறித்து மெயினைப் போட்டுவிடுங்கள். அதற்கு மேல் இழுத்தால் பேட்டரி கெடும். தேதியும் நிமிடமும் பேட்டரி மேல் மார்க்கரில் எழுதப்பட்டிருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். 165 நிமிடம் 100க்கு வந்துவிட்டால், முதலில் டிஸ்டில்டு வாட்டர் மட்டத்தைப் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தும் நேரம் ஏறாவிட்டால் மாற்ற வேண்டிய பேட்டரி அது.

பலரும் விட்டுவிடுவது திரும்ப ஏற்றும் கணக்கை. எடுத்த 100 ஏ.எச்.-ஐத் திருப்பி ஏற்ற 120 கொடுக்க வேண்டியிருக்கும். 12 ஆம்பியர் சார்ஜருக்குப் பத்து மணி நேரம். மாலை 5 மணிக்கு வந்த கரண்ட் மழையில் 8 மணிக்கு மறுபடி போனால், உள்ளே ஏறியிருப்பது 30 ஏ.எச்.தான். கான்சென்ட்ரேட்டர் ஐம்பது நிமிடம் ஓடும். அறிவித்த மின்தடை நாளின் இரவுக்கும் சேர்த்துத்தான் சிலிண்டர் கேஜைப் பார்க்க வேண்டும்.

கையடக்க கான்சென்ட்ரேட்டரும் மெஷ் நெபுலைசரும் வைத்திருப்பவர்களுக்குச் சுழற்சி முக்கியம். இரண்டு லித்தியம் பேட்டரி இருந்தால் 1, 2 என்று எண் ஒட்டி, ஒற்றைப்படை வாரத்தில் ஒன்று, இரட்டைப்படை வாரத்தில் மற்றது. நூறு சதவீதம் ஏற்றி வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் வைத்த லித்தியம் சீக்கிரம் வலுவிழக்கும். சும்மா இருப்பதைப் பாதி சார்ஜில் வைத்து, மின்தடை அறிவிப்பு வந்த அன்று இரவு முழுக்க ஏற்றலாம். புயல் மாதங்களில் மட்டும் இரண்டும் நிரம்பியே இருக்கட்டும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபின் சென்னையைச் சுற்றிய மாவட்டங்களில் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப நாட்கள் ஆயின. அப்படிப்பட்ட நாளில் 24 மணி நேரத்துக்கு 2880 லிட்டர், அதாவது தினம் இரண்டு பி-டைப் சிலிண்டர். ஒரே சிலிண்டர் உள்ள வீடு, கேஜ் 50ஐத் தொடும்போதே 108க்கு அழைத்துவிட வேண்டும். அப்போது மீதி இருப்பது நான்கு மணி நேரம், சாய்ந்த மரங்களைத் தாண்டி வண்டி வந்து சேர அவகாசம் வேண்டுமே.