புள்ளிகளுக்கு நடுவே என்ன நடக்கிறது?

y = x³/(x² − 3) என்ற சார்பின் வளைவரையை வரையச் சொன்னால், பெரும்பாலோர் முதலில் ஓர் அட்டவணை போடுவார்கள். x-க்கு −3 முதல் 3 வரை முழு எண்களைக் கொடுத்தால் y-க்கு முறையே −4.5, −8, 0.5, 0, −0.5, 8, 4.5 என்று கிடைக்கும். ஏழு புள்ளிகளையும் வரைதாளில் குறித்து, கை நடுங்காமல் இணைத்தால் அழகான ஓர் அலை வந்துவிடும். −2-லிருந்து −1-க்குப் போகும்போது ஏறும், பிறகு மெல்ல இறங்கும், 1-லிருந்து 2-க்குப் போகும்போது மறுபடி ஏறும்.

அந்த ஏற்றம் இரண்டுமே பொய். அங்கே வளைவு உண்மையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. புள்ளிகள் ஏழும் சரிதான். அவற்றுக்கு நடுவே என்ன நடக்கிறது என்பதை அவை சொல்லவில்லை. அதைச் சொல்வதற்குத்தான் முதல் வகைக்கெழுவும் இரண்டாம் வகைக்கெழுவும் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் இவற்றைக் கணக்கிடப் பழகியவர்கள்கூட, விடையை வைத்துப் படத்தை வாசிக்கப் பழகியிருப்பதில்லை.

வகையிடுவதற்கு முன்பு பகுதியைப் பார்த்துவிட வேண்டும். x² = 3 ஆகும் இடத்தில் பகுதி பூஜ்ஜியம். அதாவது x = √3, x = −√3 என்ற இரு இடங்களில், தோராயமாக 1.73-லும் −1.73-லும், இந்தச் சார்புக்கு மதிப்பே கிடையாது. 1.73-ஐ இடப்பக்கமிருந்து நெருங்கினால் y அடியில்லாமல் கீழே போகிறது. வலப்பக்கமிருந்து நெருங்கினால் எல்லையில்லாமல் மேலே போகிறது. −1.73-லும் இதே கதைதான். வளைவு நெருங்கிக்கொண்டே போகும் இப்படிப்பட்ட கோட்டைத் தொலைத்தொடுகோடு என்பார்கள். ஆக, நம் வளைவு ஒரே இழை அல்ல, மூன்று துண்டுகள். அட்டவணையை நம்பி 1-க்கும் 2-க்கும் நடுவே கோடு இழுத்தவர், இல்லாத ஒரு பாலத்தைக் கட்டிவிட்டார்.

மூன்றாவதாக இன்னொரு தொலைத்தொடுகோடும் உண்டு. x³-ஐ x² − 3-ஆல் வகுத்துப் பார்த்தால் y = x + 3x/(x² − 3) என்று வரும். x பெரிதாகப் பெரிதாக அந்த இரண்டாம் உறுப்பு தேய்ந்துவிடும். x = 10-ல் y ஏறத்தாழ 10.31; x = 100-ல் 100.03. அதனால் தொலைவில் வளைவு y = x என்ற சாய்கோட்டோடு ஒட்டியபடி போகிறது. தொலைத்தொடுகோட்டை வளைவு வெட்டவே வெட்டாது என்று சிலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது தவறு. இதே வளைவு ஆதிப்புள்ளியில் y = x கோட்டை வெட்டிக்கொண்டுதான் போகிறது. ‘தொலை’வில் என்ன நடக்கிறது என்பது மட்டுமே அங்கே கணக்கு.

இனி முதல் வகைக்கெழு. வகுத்தல் விதிப்படி வகையிட்டுச் சுருக்கினால் y′ = x²(x² − 9)/(x² − 3)² என்று வரும். இது ஒவ்வொரு புள்ளியிலும் வளைவின் சாய்வு. நமக்கு இதன் மதிப்பைவிடக் குறிதான் முக்கியம்: மிகை என்றால் வளைவு ஏறுகிறது, குறை என்றால் இறங்குகிறது. பகுதி வர்க்கம், அது எப்போதும் மிகை. x²-ம் அப்படியே. குறியைத் தீர்மானிப்பது x² − 9 மட்டும். ஆகவே −3-க்கு இடப்பக்கமும் 3-க்கு வலப்பக்கமும் ஏற்றம். இவற்றுக்கு நடுவே, வளைவு இருக்கும் இடமெல்லாம் இறக்கம். −3-ல் ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்குவதால் அங்கே இடஞ்சார்ந்த பெருமம், மதிப்பு −4.5. 3-ல் இறக்கம் முடிந்து ஏற்றம் தொடங்குவதால் இடஞ்சார்ந்த சிறுமம், மதிப்பு 4.5.

பெருமம் சிறுமத்தைவிடக் கீழே இருக்கிறது! விடைத்தாளில் இப்படி வந்தால் பதறிப்போய் அழித்துவிட்டுத் திரும்பக் கணக்கிடுபவர்கள் உண்டு. அழிக்க வேண்டியதில்லை. ‘இடஞ்சார்ந்த’ என்றால் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு என்று பொருள். இரண்டும் வெவ்வேறு துண்டுகளில் இருக்கின்றன. ஒன்றோடு ஒன்றுக்குப் பேச்சே இல்லை.

x = 0-லும் சாய்வு பூஜ்ஜியம்தான். ஆனால் அதற்கு இருபுறமும் குறி குறையாகவே இருப்பதால் அங்கே பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை. இறங்கி வந்த வளைவு ஒரு கணம் தட்டையாகி, மீண்டும் இறங்குகிறது. y′ = 0 என்று தீர்த்துக் கிடைத்த எல்லாவற்றையும் உச்சம் என்றோ பள்ளம் என்றோ எழுதிவிடுவதுதான் இந்தப் பாடத்தில் அதிகம் நடக்கும் பிழை.

இரண்டாம் வகைக்கெழு y″ = 6x(x² + 9)/(x² − 3)³. இது வளைவு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைச் சொல்கிறது. வளைவின் மேல் இடமிருந்து வலமாக சைக்கிள் ஓட்டிப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில்பார் இடப்பக்கம் திரும்பியிருந்தால் y″ மிகை, வளைவு மேல்நோக்கிக் குழிந்திருக்கிறது. வலப்பக்கம் என்றால் y″ குறை, கீழ்நோக்கிக் குழிவு. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பும்போது ஹேண்டில் நேராக வரும் அந்த இடம்தான் வளைவு மாற்றப் புள்ளி.

x² + 9 எப்போதும் மிகை என்பதால் x-இன் குறியையும் பகுதியின் குறியையும் பார்த்தால் போதும். இடக்கோடித் துண்டு முழுவதும் கீழ்நோக்கிக் குழிவு. −√3-லிருந்து 0 வரை மேல்நோக்கி. 0-லிருந்து √3 வரை கீழ்நோக்கி. அதற்கு அப்பால் மேல்நோக்கி. குறி மூன்று இடங்களில் மாறுகிறது. ஆனால் வளைவு மாற்றப் புள்ளி ஒன்றே ஒன்று, ஆதிப்புள்ளி. ±√3-ல் குறி மாறினாலும் அங்கே வளைவே இல்லை, புள்ளி எங்கிருந்து வரும்? சற்று முன் தட்டையாகி மீண்டும் இறங்கியதே, அந்த இடமும் இதே ஆதிப்புள்ளிதான்.

வரையும்போது மூன்று தொலைத்தொடுகோடுகளையும் புள்ளிக்கோடாக முதலில் போட்டுவிடுங்கள். பிறகு (−3, −4.5), (0, 0), (3, 4.5) ஆகிய மூன்றையும் குறியுங்கள். மிச்சத்தை ஏற்ற இறக்கமும் குழிவுமே வரைந்து தந்துவிடும். கணினியில் வரைபவர்களுக்கும் இது உதவும். சில மென்பொருள்கள் நம் அட்டவணைக்காரரைப் போலவே அடுத்தடுத்த புள்ளிகளை இணைத்துவிடுவதால், ±1.73-ல் செங்குத்தாக ஒரு கோடு தோன்றும். திரையின் எல்லையை −100 முதல் 100 வரை விரித்தாலோ, y = x கோட்டில் நடுவே சிறு நெளிவு மட்டும்தான் கண்ணில் படும்.

இந்தச் சமன்பாட்டை x²y − 3y = x³ என்று எழுதினால் இது மூன்றாம் படி வளைவு என்பது தெரியும். இந்தக் குடும்பத்தைத்தான் நியூட்டன் வகைப்படுத்தி, 1704-இல் ‘ஆப்டிக்ஸ்’ நூலின் பிற்சேர்க்கையாக 72 இனங்கள் என்று வெளியிட்டார். அவர் விட்டவற்றில் நான்கை 1717-இல் ஜேம்ஸ் ஸ்டிர்லிங் சேர்த்தார். மூன்றாம் படி என்பதால் எந்த நேர்கோடும் இந்த வளைவை மூன்று இடங்களுக்கு மேல் வெட்ட முடியாது. வரைந்த படம் சரியா என்று பார்க்க இதுவே நல்ல சோதனை. y = 8 என்ற கிடைக்கோட்டை இழுங்கள். அது நடுத்துண்டை ஒரு முறையும் வலத்துண்டை இரண்டு முறையும் வெட்ட வேண்டும். X ஏறத்தாழ −1.58, சரியாக 2, ஏறத்தாழ 7.58. y = 3 கோடு நடுத்துண்டை மட்டும் ஒரே ஒரு முறை வெட்ட வேண்டும். உங்கள் படத்தில் அது வலத்துண்டையும் தொட்டால், x = 3-ல் உள்ள சிறுமத்தை நீங்கள் 4.5-க்குக் கீழே இறக்கி வரைந்திருக்கிறீர்கள்.